‘லிமிடெட் சீரிஸ்’னு போட்டிருந்தா கதை முடிஞ்சிடுமா? வீக்எண்டை ஒதுக்கும் முன் பார்க்க வேண்டியது

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரை மணி. சாப்பிட்டாச்சு, மறுநாள் லீவு. புது சீரிஸ் ஒன்றைச் சொன்னதும் ரூம்மேட் கேட்கும் முதல் கேள்வி “எத்தனை எபிசோடு?” என்பதுதான். நியாயமான கேள்விதான், ஆனால் அது பாதிக் கேள்வி. மீதிப் பாதி: “கதை எங்க முடியுது?”

எளிதான கேஸில் இருந்து தொடங்கலாம். 2019-ல் வந்த ‘செர்னோபில்’ ஒரு மினி சீரிஸ். மொத்தமே 5 எபிசோடு, சுமார் ஐந்தரை மணி நேரம். அணு உலை விபத்தில் தொடங்கி விசாரணையோடு கதை முடிகிறது. சனிக்கிழமை ஒரே நாளில் பார்த்துவிடலாம், பாக்கி எதுவும் இருக்காது.

லிமிடெட் சீரிஸும் கிட்டத்தட்ட அதேதான். எம்மி விருதுகளிலேயே ‘மினி சீரிஸ்’ என்ற பிரிவின் பெயரை 2015-ல் ‘லிமிடெட் சீரிஸ்’ என்று மாற்றினார்கள். கதை முழுமையாக முடிய வேண்டும், அடுத்த சீசனுக்கு அதே கதையோ அதே முக்கியக் கதாபாத்திரங்களோ தொடரக் கூடாது என்பதுதான் அங்கே விதி.

சிக்கல் என்னன்னா, அந்த லேபிள் ஒட்டிய நாளில் மட்டும்தான் அது உண்மை. ‘பிக் லிட்டில் லைஸ்’ஸை எடுத்துக்குங்க. லியான் மொரியார்ட்டியின் நாவலை வைத்து 2017-ல் 7 எபிசோடுகளாக வந்தது. செத்தது யார், எப்படி என்ற கேள்விக்குக் கடைசி எபிசோடில் பதில் கிடைத்தது. நாவலும் அதோடு முடிந்தது. லிமிடெட் சீரிஸ் பிரிவில் எம்மியும் வாங்கியது. அந்த வருஷம் முடிவதற்குள் இரண்டாவது சீசன் அறிவிப்பு வந்துவிட்டது! 2019-ல் மெரில் ஸ்ட்ரீப் சேர, இன்னொரு 7 எபிசோடு. ‘ஷோகன்’ கதையும் இதேதான். 10 எபிசோடில் நாவல் மொத்தமும் முடிந்த பிறகுதான், மேலும் சீசன்கள் வரும் என்று 2024-ல் சொன்னார்கள்.

அப்போ ஏமாந்துட்டோமா? இல்லை. இங்கே கவனிக்க வேண்டியது மூலக்கதையை. நாவல் முதல் சீசனிலேயே முடிந்திருந்தால், நீங்களும் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த சீசன் எக்ஸ்ட்ரா சாம்பார் மாதிரி, வேணும்னா ஊத்திக்கலாம்.

ஆந்தாலஜியில் குழப்பம் வேறு மாதிரி. ‘மாடர்ன் லவ் சென்னை’யில் 6 எபிசோடு, 6 தனித்தனிக் கதை. நாலாவதை முதலில் பார்த்தாலும் ஒன்றும் குறையாது, மெட்ரோவில் போகும்போது ஒன்று என்றுகூட முடிக்கலாம். ஆனால் சில ஆந்தாலஜிகளில் ஒரு முழு சீசன்தான் ஒரு கதை. ‘தி வைட் லோட்டஸ்’ அப்படித்தான்: ஹவாயில் 6, சிசிலியில் 7, தாய்லாந்தில் 8 எபிசோடு. சீசனுக்கு சீசன் ஊரும் ஆட்களும் மாறுவதால், நேராக மூன்றாவதுக்குப் போகலாம் என்று தோன்றும். போகாதீங்க. முதல் சீசனில் வந்த பெலிண்டாவும் கிரெக்கும் மூன்றாவதிலும் வருகிறார்கள். அவர்கள் ஏன் ஒருவரைப் பார்த்து ஒருவர் பதறுகிறார்கள் என்பது முந்தைய இரண்டையும் பார்த்தவர்களுக்குத்தான் புரியும். ஆக இங்கே உங்கள் கணக்கு 8 இல்லை, 21.

பெரிய ரிஸ்க், முடிவு தேதி இல்லாத தொடர்களில்தான். ‘டார்க்’ எடுத்த அதே குழு 2022 நவம்பரில் ‘1899’ஐக் கொண்டுவந்தது. மூன்று சீசன் திட்டம். 8 எபிசோடு வந்தது, கடைசி நிமிடத்தில் கதையையே புரட்டிப்போட்டது, 2023 ஜனவரியில் ரத்து. அந்தப் புரட்டலுக்கு விளக்கம் இனி எங்கும் கிடையாது. ‘டார்க்’கோ 3 சீசன், 26 எபிசோடில் முறையாக முடிந்தது. நீளம் மூன்று மடங்குக்கு மேல் என்றாலும், என்னைக் கேட்டால் இதுதான் சேஃப்.

நம்ம ‘சுழல்’ நடுவில் நிற்கிறது. 2022-ல் வந்த 8 எபிசோடிலேயே அந்த கேஸுக்கு விடை உண்டு. 2025-ல் வந்த இரண்டாவது சீசனில் கேஸ் புதுசு. ஆனால் முதல் சீசனின் கடைசியில் நந்தினி செய்த காரியத்தின் விளைவில் இருந்துதான் அது தொடங்குகிறது. முதலாவதை மட்டும் பார்க்கலாம், இரண்டாவதை மட்டும் பார்க்க முடியாது.

இதையெல்லாம் பார்வையாளரே தோண்டிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதுதான் எரிச்சல். ஆப்பில் வெறுமனே ‘சீசன் 1’ என்று போடுவதற்குப் பதில் ‘கதை முடிந்தது’, ‘தொடரும்’, ‘ரத்து’ என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய வேலையா என்ன? அது வரும்வரை, பிளே பட்டனைத் தட்டும் முன் சீரிஸ் பெயரோடு ‘ரத்தா, ஃபைனல் சீசனா’ என்று மட்டும் தேடுங்க. முடிவு என்ன என்பதைப் படித்துவிடாதீங்க.