கரப்பான் எச்சம் வெறும் அழுக்கு அல்ல

கரப்பான் எச்சம் காய்ந்துபோன அழுக்கு, பூச்சியைக் கொன்றுவிட்டால் எச்சத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை, மிச்சத்தை ஃபினாயில் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை நம் சமையலறைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்த நம்பிக்கை தவறு. மருந்தடித்த இரண்டு மூன்று மாதத்தில் அதே அலமாரியின் அதே மூலையில் கரப்பான்கள் மறுபடி கூடுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். எச்சம் என்பது கரப்பான்கள் தங்கள் இனத்துக்கு விட்டுச்செல்லும் தகவல். இங்கே இருட்டு உண்டு, இங்கே நம்மவர் தங்கியிருக்கிறார்கள், இங்கே தங்கலாம் என்பதே அந்தத் தகவல். எழுதிய பூச்சி செத்த பிறகும் அது அழியாமல் அங்கேயே இருக்கிறது.

இங்கே பேசப்படுவது ஜெர்மன் கரப்பான். சாக்கடையிலிருந்து ஏறிவரும் பெரிய சிவப்புக் கரப்பான் வேறு இனம். அரை அங்குல நீளத்தில், வெளிர் பழுப்பு நிறத்தில், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகளோடு மிக்ஸியின் அடியிலும் அலமாரிக் கீலின் இடுக்கிலும் வாழ்வதுதான் ஜெர்மன் கரப்பான். இது வீட்டுக்கு வெளியே பிழைப்பது அரிது. மளிகை அட்டைப்பெட்டியிலும் பழைய குளிர்சாதனப் பெட்டியிலும் ஏறி வீட்டுக்குள் வரும். அடுத்த வீட்டிலிருந்து குழாய் நுழையும் ஓட்டை வழியாகவும் வரும். வந்த பிறகு எங்கே தங்குவது என்று அது தேடும்போது வழிகாட்டுவது முன்னவர்களின் எச்சம்.

எச்சத்தில் ஈர்ப்புப் பொருள் உண்டு என்பது இன்று நேற்று தெரிந்த செய்தி அல்ல. ஜப்பானின் கியோட்டோவில் இஷி, குவஹாரா என்ற இரு ஆய்வாளர்கள் 1967ஆம் ஆண்டிலேயே ஜெர்மன் கரப்பான்களைக் கூட்டம் சேர்க்கும் ஒரு ஃபெரோமோன் இருப்பதைக் காட்டினார்கள். கரப்பான்கள் தங்கிக் கழித்த காகிதத்தையும் புதிய காகிதத்தையும் அருகருகே வைத்தால், இளம்பூச்சிகள் பழைய காகிதத்தையே தேடிச் சேர்ந்தன. அந்தப் பொருள் என்ன, யார் செய்வது என்ற கேள்விக்கு 2015இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கோபி ஷால் குழுவினரிடமிருந்து தெளிவான விடை வந்தது. எச்சத்திலிருந்து எளிதில் ஆவியாகும் கார்பாக்சிலிக் அமிலங்கள் நாற்பதை அவர்கள் பிரித்தறிந்தார்கள். வினிகரின் புளிப்புக்குக் காரணமான அசிட்டிக் அமிலம் சேர்ந்த அதே குடும்பம்தான் இது.

அந்த ஆய்வின் சுவையான பகுதி அடுத்துத்தான் வருகிறது. குடலில் ஒரு நுண்ணுயிர்கூட இல்லாதபடி அவர்கள் கரப்பான்களை வளர்த்தார்கள். அந்தப் பூச்சிகளின் எச்சத்தில் முக்கியமான பன்னிரண்டு அமிலங்கள் இல்லவே இல்லை; இன்னும் இருபத்துநான்கு மிகக் குறைவாகவே இருந்தன. இளம்பூச்சிகள் அந்த எச்சத்தைச் சாதாரண எச்சத்தின் அளவுக்கு நாடவில்லை. பிறகு எச்சத்திலிருந்து வளர்த்தெடுத்த பாக்டீரியாக்களை அதே கரப்பான்களின் குடலுக்குள் செலுத்தியதும் எச்சத்தின் ஈர்ப்பு பெருமளவு திரும்பியது. ஒரே வகை பாக்டீரியாவைக் கொடுத்ததைவிட ஆறு வகைகளைச் சேர்த்துக் கொடுத்தபோது ஈர்ப்பு கூடியது. ஆகவே கரப்பானை அழைக்கும் மணத்தின் பெரும்பகுதியைச் செய்வது அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்கள்.

இந்த அழைப்பு கரப்பானுக்கு ஏன் தேவை என்பதற்கும் காரணம் உண்டு. கூட்டமாக நெருங்கி இருந்தால் உடலின் ஈரம் மெதுவாகத்தான் குறையும். தனியே வளரும் குஞ்சைவிடக் கூட்டத்தில் வளரும் குஞ்சு விரைவாக வளர்ந்துவிடும். பெண் கரப்பான் முப்பது நாற்பது முட்டைகள் கொண்ட பையை, பொரியும் தறுவாய் வரை வயிற்றின் நுனியிலேயே சுமந்து திரிகிறது. பெரும்பாலும் கூட்டம் தங்கும் இடுக்கிலேயே அதை விடுகிறது. பிறந்த குஞ்சுகள் முதல் சில நாட்கள் வெகுதூரம் இரை தேடிப் போவதில்லை. பெரிய பூச்சிகளின் எச்சத்தையே தின்கின்றன. ஆக அந்தக் கறுப்புப் புள்ளிகள் குஞ்சுக்கு விலாசமாகவும் இருக்கின்றன, முதல் உணவாகவும் இருக்கின்றன.

எறும்பு போல வரிசை கட்டி நடக்கும் பூச்சி அல்ல கரப்பான். ஆனால் எச்சச் சாற்றால் கோடு இழுத்தால் அதன் மேலேயே நடந்து போவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிங்க்குக்குப் பின்னாலிருந்து அடுப்பு வரை சுவரின் ஓரமாகத் தெரியும் பழுப்புக் கறையை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தால் ஃபினாயில் ஏன் தோற்கிறது என்பது விளங்கும். தரையில் ஊற்றித் துடைக்கும் ஃபினாயில், கதவுக் கீலின் பின்புறத்தையும் பலகைகள் சேரும் விளிம்பையும் தொடுவதே இல்லை. தொட்ட இடத்திலும் தன் மணத்தை எச்சத்தின் மேல் போர்த்துகிறதே தவிர, தேய்க்காமல் எச்சம் அங்கிருந்து போவதில்லை. சில மணி நேரத்தில் ஃபினாயில் மணம் அடங்கிவிடும்; அமிலங்கள் அங்கேயே இருக்கும். மனிதரின் மூக்குக்குச் சுத்தமாகத் தோன்றுவது வேறு, கரப்பானின் உணர்கொம்புக்குச் சுத்தமாக இருப்பது வேறு. அந்துருண்டை, பிரிஞ்சி இலை ஆகியவற்றின் மீது வைக்கும் நம்பிக்கைக்கும் இதே பதில்தான்.

வினிகர் விஷயம் இன்னும் மோசம். இயற்கையான துப்புரவுப் பொருள் என்று அதை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் அழிக்க வேண்டியதே அமிலம். அதன் மேல் இன்னொரு அமிலத்தைத் தெளிப்பதால் அது ஆவியாகும் தன்மையை இழப்பதில்லை. காரத்தன்மை உள்ள நீர் பட்டால்தான் இந்த அமிலங்கள் உப்புகளாக மாறும். உப்பு எளிதில் ஆவியாகாது. தண்ணீரில் கரைந்து துணியோடு வந்துவிடும். கரப்பானின் தோலிலிருந்து ஒட்டும் மெழுகுப் பொருள்களும் கூட்டம் சேர்வதற்கு உதவுகின்றன. அவற்றைப் பெயர்க்க சோப்பு வேண்டும். எனவே தேவைப்படுவது வெதுவெதுப்பான சோப்பு நீர், கொஞ்சம் சலவைச் சோடா, கைத்தேய்ப்பு. இவை மூன்றும் விலை குறைந்தவை என்பதால் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

சிங்க்குக்குக் கீழுள்ள ஒரு கப்போர்டை எடுத்துக்கொண்டால் வேலையின் முறை தெளிவாகும். டார்ச் விளக்கோடு குனிந்து கதவின் கீலைப் பார்க்க வேண்டும். மிளகுத்தூளைத் தூவியது போன்ற புள்ளிகளும், விளிம்பில் மையை இழுத்துவிட்டது போன்ற கறையும் தெரிந்தால் அது ஜெர்மன் கரப்பான் எச்சமாக இருக்கலாம். ஐயம் இருந்தால் ஈரத் துணியால் ஒரு புள்ளியைத் தேய்த்துப் பார்க்கலாம். எச்சமாக இருந்தால் பழுப்பாகக் கரைந்து இழுபடும். பெயிண்ட் துளி அசையாது. அரிசி மணியைப் போல நீண்டு, முனை கூர்மையாக இருந்தால் அது எலிப்புழுக்கை.

இங்கேதான் பலர் அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுக்கிறார்கள். கரப்பான்கள் உயிரோடு இருக்கும்போதே எல்லாப் புள்ளிகளையும் தேய்த்துக் கழுவினால், கூட்டம் எங்கே தங்குகிறது என்ற அடையாளம் போய்விடும். பூச்சிகளும் வேறு இடுக்குக்கு மாறிவிடலாம். எண்ணெய்ப் பிசுக்கையும் சிந்திய உணவையும் முதல் நாளே துடைத்துவிட வேண்டும், ஏனெனில் வேறு தீனி கிடைத்தால் அவை மருந்தைத் தின்னாது. ஆனால் புள்ளிகள் அடர்ந்த இடுக்குகளை அப்படியே விட்டு, அவற்றை ஒட்டி ஜெல் மருந்தைப் பயறு அளவுச் சொட்டுகளாக வைக்க வேண்டும். பூச்சிகளை இழுக்கும் அதே எச்சம் இப்போது அவற்றை மருந்திடம் கொண்டுவந்து சேர்க்கும். அந்த இடத்தில் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. ஸ்ப்ரேயின் வீச்சம் பட்ட ஜெல்லைக் கரப்பான்கள் தவிர்த்துவிடும்.

பசை அட்டைப் பொறியில் ஒரு வாரமாகப் பூச்சி விழவில்லை என்றான பிறகுதான் கழுவும் நாள். உலர்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. அதிலுள்ள புரதங்கள் தூசியாகப் பறந்து ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டக்கூடியவை. குழந்தைகளுக்கு இது பெரிய தொல்லை. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, மேலே சோப்பு நீரைத் தெளித்து நனைத்த பிறகே தொட வேண்டும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு மேசைக்கரண்டி, சலவைச் சோடா ஒரு தேக்கரண்டி போதும். அலுமினியச் சட்டமாக இருந்தால் சோடாவைத் தவிர்த்து சோப்பு நீரை மட்டும் பயன்படுத்தலாம். ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் கீலையும் இடுக்கையும் தேய்க்க வேண்டும். கரைந்த பழுப்பு நீரைத் துணியால் ஒற்றியெடுத்து, அந்தத் துணியை மறுபடி அதே வாளியில் முக்காமல் வேறு நீரில் அலச வேண்டும். அழுக்கு நீரைப் பூசினால் தடம் அழியாது, பரவும். பிறகு இரண்டு முறை வெறும் நீரால் துடைத்து, கதவைத் திறந்துவைத்து முழுக்கக் காயவிட வேண்டும். ஈரம் கரப்பானுக்கு இன்னொரு அழைப்பு.

பிளீச்சிங் பவுடர் கரைசல் தேவையானால், சோப்பு நீரை முழுதும் அலசிய பிறகே பயன்படுத்தலாம். அதை வினிகரோடோ கழிவறை ஆசிடோடோ ஒருபோதும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மின்சுவிட்ச் பெட்டி, மிக்ஸியின் அடிப்பாகம், குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் பகுதி ஆகியவற்றில் நீர் தெளிக்காமல், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பிழிந்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. அட்டைப்பெட்டி, பழைய செய்தித்தாள், பூசப்படாத துகள்பலகை விளிம்பு ஆகியவை எச்சத்தின் ஈரத்தை உள்ளே இழுத்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் முழுதாக வராது. அட்டையையும் தாளையும் வீட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும். பலகை விளிம்பைக் காயவைத்து வார்னிஷ் பூசலாம். குழாய் நுழையும் ஓட்டையையும் சுவர் வெடிப்பையும் வெள்ளைச் சிமெண்டாலோ சிலிக்கானாலோ அடைக்க வேண்டும். தடத்தை அழிப்பது மட்டும் கரப்பானைக் கொல்லாது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. அது வருவோரைக் கூட்டம் சேரவிடாமல் தடுக்கும் வேலை, கொல்லும் வேலை ஜெல்லுடையது.

வேலை நடந்ததா என்று அறிய, கழுவிய கீலுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவைத்து வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். நான்கு வாரம் தாள் வெள்ளையாகவே இருந்தால் தடம் அறுந்தது. புதிய புள்ளி விழுந்தால் அடுத்த வீட்டிலிருந்தோ புதிய பெட்டியிலிருந்தோ யாரோ வந்திருக்கிறார்கள். அன்றே அந்தப் புள்ளியைச் சோப்பு நீரால் தேய்த்தெடுத்து, பக்கத்தில் ஒரு சொட்டு ஜெல் வைக்க வேண்டும்.