ஐபிஎல் கருவியா, எபிலேட்டரா? விலைக்கு முன்னால் தோல் நிறத்தைப் பாருங்க!

ஆன்லைன் தள்ளுபடி வந்தாலே ‘வீட்டிலேயே லேசர்’ என்று ஒரு விளம்பரம் கண்ணில் படும். உண்மையில் அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை லேசர் இல்லை, ஐபிஎல். கிரிக்கெட் இல்லீங்க, ஒளியை ஃபிளாஷ் போலப் பாய்ச்சி முடியைக் குறைக்கும் முறை. விலை பல மாடல்களில் பத்தாயிரத்தைத் தாண்டும். எபிலேட்டரோ சில ஆயிரங்களில் கிடைத்துவிடும்.

காசு அதிகம் கொடுத்தால் வலி இல்லாமல் முடிந்துவிடும் என்ற கணக்கு நம்ம ஊர்த் தோலுக்கு எப்போதும் பொருந்தாது. ஐபிஎல் ஒளி தேடுவது மெலனின் என்ற நிறமியை. முடியில் உள்ள மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடாகி, வேர்ப்பகுதியைப் பலவீனமாக்கும். தோலிலும் அதே மெலனின்தான் இருக்கிறது. தோல் கறுப்பாக இருந்தால் சூடு அங்கேயும் இறங்கும். கொப்புளமோ கருந்திட்டோ வரலாம். அதனால்தான் பல கருவிகளில் நிறம் பார்க்கும் சென்சார் உண்டு. தோல் ரொம்ப அடர் நிறமென்றால் ஃபிளாஷே அடிக்காது. நரைமுடியில் மெலனின் இல்லாததால் அதற்கும் பயனில்லை.

எபிலேட்டருக்கு நிறம் பற்றிக் கவலையில்லை. சுழலும் குட்டி இடுக்கிகள் முடியை வேரோடு பிடுங்கும். முதல் இரண்டு மூன்று முறை நிஜமாகவே வலிக்கும், அக்குளில் இன்னும் அதிகம். மூன்று, நான்கு வாரம் நிம்மதி. தொல்லை என்னவென்றால், முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து சிறு கட்டியாகலாம். அதைக் கிள்ளினால் தழும்புதான் மிஞ்சும்.

சென்னையில் வேலை பார்க்கும் மாநிறப் பெண் ஒருவர் காலுக்காக ஐபிஎல் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் சிறு இடத்தில் குறைந்த அளவில் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் காத்திருக்க வேண்டும். பிரச்சினை இல்லையென்றால் பொதுவாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மூன்று மாதம். ஒவ்வொரு முறையும் முன்னதாக ஷேவிங் மட்டுமே. நடுவில் எபிலேட்டர் போட்டால் ஒளி பிடிக்க வேண்டிய முடியே உள்ளே இருக்காது. அந்த முறை வீண். ஸ்கூட்டரில் வெயிலில் போய் முழங்கை கறுத்திருந்தால், காலுக்கு ஒத்துவந்த அளவு கைக்கு ஒத்துவராது. முடி குறையும், ஆனால் நிரந்தரமாகப் போகாது. நிறுத்தினால் மெல்லத் திரும்பும்.

கருநிறத் தோலுக்கு எபிலேட்டரே சரியான தேர்வு. மாநிறத்தவர் சென்சார் அனுமதித்தால், திருப்பிக் கொடுக்கும் வசதியோடு ஐபிஎல் வாங்கலாம். தாடையில் முடி வளரும் பிசிஓஎஸ் பெண்கள் மட்டும் இரண்டையும் தள்ளிவைத்து டாக்டரைப் பார்ப்பது நல்லது. காரணம் ஹார்மோன், தவிர, முகத்தில் ஒளி பட்ட இடத்தைச் சுற்றிச் சிலருக்கு முடி கூடுதலாகவே முளைத்துவிடுகிறது.