வைரசுக்கு உயிர் உண்டா?

நமது அயல்வீட்டு மாணவன் நேசன் உயர்தர வகுப்பில் உயிரியல் பயில்பவன். அண்மையில் நடந்த வகுப்புப் பரீட்சையில், "கலக்கொள்கைக்கு வைரசு விதிவிலக்காகுமா? காரணம் தருக" என்று ஒரு வினா வந்ததாம். "ஆம், அது கலமற்ற உயிர்" என்று நேசன் எழுதினான். "அன்று, அது உயிரே அன்று" என்று அவன் தோழன் கணேசன் எழுதினான். இருவருக்கும் பாதிப் புள்ளியே கிடைத்தது. அன்று மாலை நமது விறாந்தையில் அவர்கள் ஆடிய வழக்கை ஈண்டுத் தருகின்றோம்.

"புகையிலைச் சித்திரவடிவ வைரசை எடுத்துக்கொள்," என்று தொடங்கினான் நேசன். "நோயுற்ற இலையின் சாற்றை நல்ல செடியின் இலையில் தேய்த்தால் அதுவும் பச்சையும் வெளிர்பச்சையுமாய்ப் புள்ளி கொள்கின்றது. அதன் சாறு மூன்றாவது செடியையும் கெடுக்கின்றது. வெறும் நஞ்சாயின் செடிக்குச் செடி ஐதாகி வலியிழந்திருக்கும். இது பெருகுகின்றதே! பெருகுவது உயிரன்றி வேறென்ன?"

"அந்த வைரசையே 1935ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஸ்ரான்லி பளிங்காக்கினாரே," என்றான் கணேசன். "அப்பளிங்கைக் கரைத்து இலையில் தேய்த்தபோது மீண்டும் நோய் கண்டது. போத்தலில் உப்பைப்போல் கிடப்பதை உயிர் என்பாயோ?"

"விதைநெல்லும் அசையாமல்தானே கிடக்கின்றது?"

"நெல்மணிக்குள் கலங்கள் உள. மிக மெதுவாகவேனும் சுவாசம் நடக்கின்றது. பளிங்கிலோ சுவாசமும் இல்லை, உணவுச் செலவும் இல்லை."

நேசன் சற்றுச் சிந்தித்தான். "அப்படியாயின் தைபசுக் காய்ச்சலைத் தரும் ரிக்கெற்சியாவைப் பார். அதுவும் பிறிதொரு கலத்தின் உள்ளேயன்றிப் பெருகாது. அதனை உயிர் என்றுதானே நூல்கள் கூறுகின்றன?"

கணேசன் விடையின்றி நம்மை நோக்கினான். "பெருகுமா என்பதை விட்டு, எவ்வாறு பெருகும் என்று கேட்டுப் பாருங்கள்," என்றோம் நாம்.

ரிக்கெற்சியா பிறர் வீட்டில் ஒண்டியிருந்தாலும் தனக்கெனச் சவ்வும், புரதம் ஆக்கும் இறைபோசோம்களும் உடையது. அது வளர்ந்து, ஒன்று இரண்டாய்ப் பிரிகின்றது. புகையிலை வைரசு வளர்வதுமில்லை, பிரிவதுமில்லை. அது 300 நனோமீற்றர் நீளமான ஒரு சிறு கோல். மூவாயிரத்துக்கு மேற்பட்ட கோல்களை நுனியோடு நுனி சேர்த்தால்தான் ஒரு மில்லிமீற்றர் ஆகும். நடுவே ஓர் ஆர்.என்.ஏ. இழையும், அதனைச் சுற்றிச் சுருள்படியைப்போல் அடுக்கிய, ஒரே வகையான ஏறத்தாழ 2130 புரதத் துண்டுகளுமே அதன் முழு உடல். இலைக் கலத்துள் புகுந்ததும் அப்புரத உறை கழன்றுவிடுகின்றது. கோல் என்று சொல்ல அங்கே ஒன்றும் எஞ்சுவதில்லை. எஞ்சிய இழையைச் செடியின் இறைபோசோம்களே வாசித்து, இழையைப் படியெடுக்கும் நொதியத்தையும் உறைப் புரதத்தையும் ஆக்குகின்றன. பின்னர் புதிய இழைகளும் புரதமும் ஒன்றுகூடிப் புதிய கோல்கள் அமைகின்றன.

இவ்வாறு கூடுவதைக் கலத்துக்கு வெளியேயும் காணலாம். 1955இல் கலிபோர்னியாவில் பிரெங்கல்-கொன்ராட், வில்லியம்சு என்னும் இருவர், புரதத்தையும் ஆர்.என்.ஏ.யையும் தனித்தனியே பிரித்தெடுத்து மீண்டும் கலந்தனர். நோய் தரும் கோல்கள் மறுபடி உண்டாயின. ஒரு கலத்தை இங்ஙனம் பிரித்துப் பொருத்தி உயிர்ப்பித்தவர் எவரும் இலர்.

"அப்படியானால் நான் வென்றேன்!" என்றான் கணேசன்.

"பொறு," என்றான் நேசன். "சிலைடனும் சுவானும் 1838, 1839ஆம் ஆண்டுகளில் வகுத்தது, உயிரிகளெல்லாம் கலங்களால் ஆனவை என்பது. கலமில்லாதது உயிரன்று என்று முன்னரே வரையறுத்துக்கொண்டு, பிறகு வைரசு விதிவிலக்கன்று என்றால் அது நிறுவல் ஆகுமா? வைரசின் இழையிலும் மாற்றங்கள் தோன்றி, வழிவழி இறங்கி, இயற்கைத் தேர்வுக்கு உட்படுகின்றன. இதுவே உயிரின் இலக்கணம் என்று ஒருவர் கொண்டால்?"

கேள்வி செவ்வியதே. அவ்விலக்கணத்தைக் கொள்பவருக்கு வைரசு உயிர்தான். அவருக்கு முதற்கூற்று வைரசிடத்தில் பொய்க்கின்றது. தானே சத்தியைப் பெற்றுத் தன்னைத் தானே ஆக்கிக்கொள்வதே உயிர் என்பவருக்கோ கொள்கை குறையின்றி நிற்கின்றது. ஆனால் கலத்திலிருந்தே கலம் தோன்றும் என்று 1855இல் விர்ச்சோ உரைத்த கூற்றை இருவருமே மறுக்க வேண்டியதில்லை. வைரசு கலத்தை ஆக்குவதில்லை. கலமின்றித் தான் பெருகுவதுமில்லை.

இருவரும் இழந்த பாதிப் புள்ளி எங்கே போயிற்று என்பது இப்போது தெளிவாயிற்று. உயிர் என்பதற்குத் தாம் கொண்ட இலக்கணம் யாது என்பதை இருவருமே எழுதவில்லை. நேசன் நமது மேசைமேற் கிடந்த தாளை எடுத்து, அந்த வரியையே முதலில் எழுதத் தொடங்கினான்.