நேர்மைக்குச் சத்தியம் தேவையில்லை

"என் நேர்மையைச் சந்தேகிக்கிறீர்களா?" உறவினரின் விவகாரத்தைச் செய்தியாக எழுதுபவரிடம் வினவினால், பத்திரிகை அலுவலகங்களில் நான் ஓயாது கேட்கும் பதில் இதுதான். நேர்மை பற்றி இங்கே யார் கேட்டார்கள்?

மாநகரசபைச் செய்திகளை எழுதும் ஒருவரின் மைத்துனர், வீதித் திருத்த வேலையொன்றுக்குக் கேள்விப்பத்திரம் சமர்ப்பிக்கிறார் என வைத்துக்கொள்வோம். செய்தியாளர் அதை அறிந்த அன்றே பிரதம ஆசிரியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். உறவு என்ன, எந்த வேலை, தமக்கு அதில் பங்கோ கொடுக்கல் வாங்கலோ உண்டா, அதுபற்றி இதுவரை என்ன எழுதினார் என்பன போதும். "பக்கம் சாரமாட்டேன்" என்ற உறுதிமொழியை ஆசிரியரால் சரிபார்க்க இயலாது, தகவல்களைச் சரிபார்க்கலாம்.

தீர்வையும் அவரே முன்வைக்கட்டும்: அவ்வேலை முடியும்வரை அதுபற்றிய செய்தியை இன்னொருவர் எழுதுவார், தலைப்பிடுவதிலும் தாம் தலையிடார், ஏனைய மாநகரசபைச் செய்திகளைத் தொடர்வார். போட்டியாளரின் முறைப்பாடும் நேரே அந்த மற்றவரிடமே போக வேண்டும். ஏனெனில் பாரபட்சம் எழுதிய வரியைவிட, மேசை லாச்சிக்குள் உறங்கும் முறைப்பாட்டிலேயே அதிகம் ஒளிந்திருக்கும்.

பெயரை நீக்கி "நமது நிருபர்" என்று போடுவது தீர்வல்ல, மறைப்பு. மாற்று ஆளில்லாத சிறு பத்திரிகையென்றால், ஆசிரியரே பிரதியைப் படித்து, உறவை ஒரு வரியில் வாசகருக்குச் சொல்லட்டும். அந்த ஒரு வரிக்கு அஞ்சுபவர் அச்செய்தியை எழுதத் தகுதியற்றவர்.