கீறலை எடுக்கவில்லை, மணிக்கூட்டையே எடுக்கிறார்கள்

கலியாணக் காலம் வந்தால் போதும். அலமாரியில் கிடந்த வாப்பாவின் ஸ்டீல் மணிக்கூடு வெளியே வரும். மாப்பிள்ளையின் கையில் ஏறுவதற்கு முதல் நேரே பொலிஷ் கடைக்குப் போகும். பத்து நிமிடத்தில் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு திரும்பி வரும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் வயிறு எரியும். ஏன் என்று சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்வோம். கீறல் என்பது துடைத்து எடுக்கும் அழுக்கு அல்ல. அது ஸ்டீலில் விழுந்த பள்ளம். கொப்பியில் பென்சிலை அழுத்தி எழுதிவிட்டு அழிறப்பரால் அழித்துப் பாருங்கள். கறுப்பு போகும், தடம் போகாது. அந்தத் தடமும் போகவேண்டுமென்றால் சுற்றியுள்ள தாளைச் சுரண்டி, தடத்தின் அடிமட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பொலிஷ் செய்வது அதுதான். கீறலைச் சுற்றியுள்ள நல்ல ஸ்டீலை, கீறலின் ஆழத்துக்குத் தேய்த்து எடுக்கிறார்கள். கீறல் எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஸ்டீல் போகிறது. போனது திரும்பி வராது.

அதிலும் சுழலும் துணிச் சக்கரம் இருக்கிறதே, அதுதான் பெரிய எதிரி. துணி மிருதுவானது. தட்டையான இடத்தில் நேராக நிற்காது, விளிம்பைத் தாண்டி வளைந்து இறங்கும். அதனால் முதலில் கரைவது கூரான ஓரங்கள். செயின் மாட்டும் நான்கு கால்களும் பாவித்த சவர்க்காரக் கட்டி மாதிரி மழுங்கிப்போகும். ஸ்பிரிங் கம்பி போகும் துளைகளின் வாய் அகன்றுவிடும். பின்மூடியில் இருக்கும் எழுத்துகள் மங்கும். சீகோ மணிக்கூடுகளில் பின்மூடி இலக்கத்தின் முதல் எண் தயாரித்த வருடத்தின் கடைசி எண்ணையும், அடுத்தது மாதத்தையும் சொல்லும். வாப்பா அதை எந்தக் காலத்தில் வாங்கினார் என்பதற்கு வீட்டில் இருக்கும் ஒரே சாட்சி சிலவேளை அந்த இலக்கம்தான். அதையும் தேய்த்து அனுப்புகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் வாப்பா சவூதியில் உழைத்த காலத்தில் வாங்கிய சீகோ 5. அதன் கால்களின் மேல்பகுதியில் மெல்லிய நேர்வரிகள் இருந்தன, பக்கங்கள் மட்டும் பளபளப்பு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. கடையிலிருந்து திரும்பி வந்தபோது வரியும் இல்லை, கோடும் இல்லை. முழுக்க ஒரே பளபளப்பு. "புதுசு மாதிரி இருக்கு" என்றார். புதிதாக இருந்தபோது அந்த மணிக்கூடு ஒருநாளும் அப்படி இருக்கவில்லை. அதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

அப்படியென்றால் கீறலோடு கட்டுவதா? அதுவும் இல்லை. கீறலில் இரண்டு வகை உண்டு. விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்காக மெதுவாக இழுங்கள். நகம் தட்டாமல் வழுக்கிப் போனால் அது முடிமாதிரி மேல்கீறல், வீட்டிலேயே குறைக்கலாம். நகம் தடக்கி நின்றால் அது வீட்டு வேலை அல்ல, கையை எடுத்துவிடுங்கள். வீட்டில் எவ்வளவு தேய்த்தாலும் ஆழமான கீறல் போகாது. அதைச் சுற்றி ஒரு பள்ளத்தாக்குத்தான் உருவாகும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அலை அடித்த மாதிரித் தெரியும்.

தொடுவதற்கு முதல் இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் மணிக்கூடு உண்மையிலேயே ஸ்டீல்தானா? பின்மூடியில் "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஸ்டீல் என்று உறுதி கூறுவது மூடியை மட்டும்தான். உடல் பித்தளையில் குரோம் பூசியதாக இருக்கலாம். தங்கப் பூச்சும் கறுப்புப் பூச்சும் அப்படித்தான். பூச்சின் கனம் மைக்ரோன் கணக்கு, அதாவது ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் சில பங்கு. நாலு தேய்ப்பில் அடிநிறம் எட்டிப் பார்க்கும். கால்களின் ஓரத்தில் ஏற்கெனவே வேறு நிறம் தெரிந்தால், அது பூச்சு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த மணிக்கூட்டைத் துடைத்து வையுங்கள், தேய்க்க வேண்டாம்.

இனி வீட்டு வேலை. சென்ற பாடசாலை விடுமுறையில் எங்கள் தெருத் தம்பி ஒருவர் இதேபோல ஒரு சீகோவைக் கொண்டுவந்தார். பக்கங்களில் நிறைய மேல்கீறல், கால்களின் வரிப்பகுதியில் சில கோடுகள், நாலு மணிப் பக்கத்தில் சாவிக்குக் கீழே நகம் தட்டும் ஒரு வெட்டு. நாங்கள் செய்தது இதுதான்.

செயினைக் கழற்றினோம். சாவியை முழுதாக உள்ளே தள்ளிவிட்டு, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியாலும் மிருதுவான பல் தூரிகையாலும் இடுக்குகளைத் துடைத்தோம். பழைய மணிக்கூட்டைத் தண்ணீரில் போடக்கூடாது, அதன் ரப்பர் வளையங்கள் எப்போதோ காய்ந்து போயிருக்கும். இந்தத் துடைப்பை விட்டுவிட்டு நேரே தேய்ப்பவர்கள்தான் அதிகம். தூசியில் இருக்கும் மணல் ஸ்டீலைவிடக் கடினமானது. ஒரு மணல் துகள் துணியில் மாட்டினால், பத்துக் கீறலை எடுக்கப்போய் இருபது கீறலைப் போடுவீர்கள்.

பிறகு மாஸ்கிங் டேப். கண்ணாடி, சாவி, வரி உள்ள பகுதி எல்லாவற்றையும் மூடினோம். டேப்பின் ஓரம் வரியும் பளபளப்பும் சந்திக்கும் கோட்டில் சரியாக நிற்கவேண்டும். அரைமணி நேர வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போனது, போகத்தான் வேண்டும்.

தேய்க்க எடுத்தது பொலிஷ் மருந்து தோய்த்த துணி. கேப் கோட் என்ற பெயரில் ஒன்லைனில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பருத்தித் துணியில் இரண்டு துளி பிராசோ போதும், சாவி இடுக்கில் இறங்காமல் பார்த்துக்கொண்டால் சரி. இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, அழுத்தாமல், ஒரே போக்கில் ஒரு நிமிடம் தேய்த்தோம். துணி கறுத்தது. அந்தக் கறுப்பில் மணிக்கூட்டின் ஸ்டீலும் இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம். சுத்தமான துணியால் துடைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தோம். பாதிக் கீறல் போயிருந்தது. இன்னொரு சுற்று, பிறகு மூன்றாவது. அதோடு நிறுத்தினோம். பெரும்பாலானவை மறைந்துவிட்டன, சில மங்கலாக நின்றன.

வரிப்பகுதிக்கு அந்தத் துணி ஆகவே ஆகாது. வரியின் மேல் பொலிஷ் போட்டால் நடுவில் ஒரு பளபளப்புத் திட்டு விழும், அது கீறலைவிட அசிங்கம். டேப்பைக் கழற்றி இம்முறை பளபளப்புப் பக்கத்தை மூடினோம். சாம்பல் நிற நுண்ணிய ஸ்கொட்ச் பிரைட் துண்டை எடுத்து, இருக்கும் வரியின் திசையிலேயே, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுவை. தூக்கி, மறுபடி முதலிலிருந்து. முன்னும் பின்னும் தேய்த்தால் வரி குழம்பிவிடும். ஏழெட்டு இழுவையில் கோடுகள் வரிக்குள் கலந்துவிட்டன. குசினியில் இருக்கும் பச்சைத் துண்டு இதற்குக் கொஞ்சம் முரடு, அதில் தொடங்காதீர்கள்.

"சேர், அந்த வெட்டையும் எடுத்திருவமா?" என்று கேட்டார் தம்பி. "விடுங்க தம்பி, அது இருக்கட்டும்" என்றேன். இருக்கிறது. மணிக்கூட்டின் ஓரங்களும் இருக்கின்றன.

பற்பசை, அரத்தாள் வீடியோக்களைப் பகிர்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பற்பசை பிளாஸ்டிக் கண்ணாடியில் கொஞ்சம் வேலை செய்யும். ஸ்டீலில் அது கையை வலிக்கச் செய்வதோடு சரி, இடுக்கில் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும். அரத்தாள் வேலை செய்யும், அதுதான் ஆபத்து. அது போடும் கீறலை எடுக்க அதைவிட நுண்ணிய தாள், அதற்குப் பிறகு இன்னொன்று என்று படிப்படியாகப் போகவேண்டும். வீடியோவில் அந்தப் படிகளை வெட்டிவிட்டு கடைசிப் பளபளப்பை மட்டும் காட்டுகிறார்கள்.

சரி, எப்போது தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பது? நகம் தட்டும் வெட்டு, ஓரத்தில் அடிபட்ட இடம், நடுவிலிருந்து சூரியக் கதிர் மாதிரி விரியும் வரிகள், தட்டையான பெரிய கண்ணாடிப் பரப்பு. இவை நான்கும் கையால் ஆகாதவை. தட்டையான பரப்பைத் தட்டையாகவே வைக்க, துணிச் சக்கரம் அல்ல, கெட்டியான தட்டு வேண்டும். ஆழமான வெட்டை ஸ்டீலைக் குறைக்காமல் சரிசெய்ய லேசர் வெல்டிங்கில் ஸ்டீல் நிரப்பி, பிறகு உருவம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது செலவான வேலை. பெரும்பாலான மணிக்கூடுகளுக்குத் தேவையும் இல்லை.

ஆனால் மோட்டர் வைத்திருப்பவர் எல்லாம் தொழில் தெரிந்தவர் அல்ல. கொடுக்க முதல் மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளே இருக்கும் மெசினைக் கழற்றிவிட்டுத்தான் பொலிஷ் போடுவீர்களா? வரி இருந்த இடத்தில் திரும்ப வரி போடுவீர்களா? முடிந்த பிறகு ரப்பர் வளையங்களை மாற்றி, தண்ணீர் புகுமா என்று சோதிப்பீர்களா? மூன்றில் ஒன்றுக்கு "அதெல்லாம் தேவையில்ல" என்று பதில் வந்தால் மணிக்கூட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மெசினோடு சக்கரத்தில் பிடித்தால் பொலிஷ் மருந்தும் துணித் தூளும் சாவித் துளை வழியே உள்ளே போகும். வெளியே மின்னும் மணிக்கூடு பிறகு உள்ளே நோய் பிடிக்கும்.

இன்னொன்று. சேர்விசுக்குக் கொடுக்கும்போதும் நீங்கள் கேட்காமலேயே பொலிஷ் போட்டு அனுப்பும் இடங்கள் உண்டு. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆகவே வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். "பொலிஷ் வேண்டாம்" என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

"மணிக்கூடு கட்டத்தானே சேர், நூதனசாலையில் வைக்கவா?" என்று சிலர் கேட்பார்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். கட்டுகிற மணிக்கூட்டில் கீறல் விழும். இன்று சக்கரத்தில் பிடித்து எடுத்தால் அடுத்த கலியாணத்துக்குள் திரும்ப விழும். திரும்பப் பிடிப்பீர்கள். ஒவ்வொரு முறையும் கீறல் திரும்பி வரும், ஸ்டீல் வராது. நாலைந்து தடவைக்குப் பிறகு உங்கள் மகனுக்குக் கொடுக்க கையில் இருப்பது மணிக்கூட்டின் உருவம் மறந்த ஒரு உருண்டை. பழைய மணிக்கூடு சேர்ப்பவர்கள் பொலிஷ் காணாத உடலுக்குக் கூடுதல் விலை கொடுப்பது சும்மா இல்லை.

கலியாணத்துக்குத் தயாராகும் வீடுகளுக்குச் சொல்கிறேன். மாப்பிள்ளையின் மணிக்கூட்டை முதலில் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். கீறல் என்று நினைத்ததில் பாதி, காய்ந்த வியர்வையும் அழுக்கும்தான். மிச்சத்தில் நகம் தட்டாததை மேலே சொன்ன மாதிரிக் குறையுங்கள். நகம் தட்டுவதை விட்டுவிடுங்கள். அது வாப்பா உழைத்த இடத்தில் விழுந்த கீறலாகவும் இருக்கலாம்.