கடைக்கு வராத பாட்டை யார் வாங்குவது?

பவர் பாப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தீர்ப்பைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். மூன்று நிமிடப் பாட்டு, கணீரென்ற கிட்டார், ஒருமுறை கேட்டாலே நாள் முழுக்க வாய் முணுமுணுக்கும் பல்லவி, அதன்மேல் இரண்டு மூன்று குரல்கள் இழைந்து பாடும் இனிமை. இவ்வளவு இருந்தும் அது விற்கவில்லை. காரணம், அது விமர்சகர்களின் இசை. பீட்டில்ஸ் காலம் போய்விட்டதே என்று ஏங்கியவர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டது. எழுபதுகளின் ரசிகர்கள் கேட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டார்கள். தீர்ப்பு இதுதான். இதை நான் ஏற்கவில்லை. நடந்ததை வரிசையாகப் பார்த்தால் இந்தத் தீர்ப்பின் ஒவ்வொரு பகுதியும் ஆட்டம் காண்கிறது.

மக்கள் ஒதுக்கினார்கள் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒதுக்குவதற்காவது பாட்டு கைக்கு வந்திருக்க வேண்டும். இந்த வகையில் விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் குழு பிக் ஸ்டார். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில், ஆர்டென்ட் என்ற ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவான குழு அது. அலெக்ஸ் சில்டனும் கிறிஸ் பெல்லும் பாட்டு எழுதிப் பாடினார்கள். ஆண்டி ஹம்மல் பேஸ் கிட்டார், ஜோடி ஸ்டீவன்ஸ் டிரம்ஸ். 1972-இல் வந்த முதல் ஆல்பத்துக்கு 'நம்பர் ஒன் ரெக்கார்ட்' என்றே பெயர் வைத்தார்கள். பத்திரிகைகள் பாராட்டித் தள்ளின. எந்தப் பாட்டை எடுத்தாலும் தனி சிங்கிளாக வெளியிடலாம் என்று இசை வணிகப் பத்திரிகையான 'பில்போர்ட்' எழுதியது.

ஆல்பத்தைக் கடைக்குக் கொண்டுபோகும் பொறுப்பு ஸ்டாக்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. ஸ்டாக்ஸ், சோல் இசையில் கொடி கட்டிப் பறந்த நிறுவனம். கறுப்பின மக்களின் வானொலி நிலையங்களும் அந்த இசையை விற்கும் கடைகளும் அதற்கு அத்துப்படி. வெள்ளைக்கார இளைஞர்களின் ராக் பாட்டை வாங்கும் ஆள் எந்தக் கடைக்குப் போவான், அந்தக் கடைக்குச் சரக்கு எந்த வழியாகப் போகும் என்பதில் அதற்குப் பழக்கம் குறைவு. வானொலியில் பாட்டைக் கேட்டுவிட்டு ஆசையோடு கடைக்குப் போனவருக்கு ஆல்பம் கிடைக்கவில்லை. இதற்கு நடுவில் ஸ்டாக்ஸ் தன் விநியோகம் முழுவதையும் பெரிய நிறுவனமான கொலம்பியாவிடம் ஒப்படைத்தது. நல்லது நடந்திருக்க வேண்டிய இடம் அது. ஆனால் பழைய சிறு விநியோகஸ்தர்களோடு தொழில் செய்ய கொலம்பியாவுக்கு விருப்பமில்லை. அவர்கள் வழியாகக் கடைகளில் இருந்த கொஞ்சநஞ்சப் பிரதிகளும் திரும்பப் போயின. பத்தாயிரம் பிரதிகூட விற்கவில்லை. மனம் உடைந்த கிறிஸ் பெல் குழுவை விட்டே விலகினார்.

இரண்டாவது ஆல்பமான 'ரேடியோ சிட்டி' 1974-இல் வந்தபோது விநியோக நிலைமை இன்னும் மோசம். ஸ்டாக்ஸோடு ஒப்பந்தம் போட்ட கொலம்பியாவின் தலைவர் கிளைவ் டேவிஸ் 1973 மே மாதமே பதவி பறிக்கப்பட்டு வெளியே போயிருந்தார். அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் ஸ்டாக்ஸுக்கும் ஒத்துப்போகவில்லை. அந்த இழுபறியில் ஆல்பம் சிக்கிக்கொண்டது. விற்றது ஏறக்குறைய இருபதாயிரம். 1975 முடிவில் ஸ்டாக்ஸே திவாலாயிற்று.

விமர்சகர்களுக்கு மட்டும் அது எப்படிக் கிடைத்தது? இசை நிறுவனங்கள் பத்திரிகைக்காரர்களுக்கு இலவசப் பிரதிகளைத் தபாலில் அனுப்புவது வழக்கம். அந்தத் தபால் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. போதாததற்கு 1973 மே மாதம் ராக் இசை எழுத்தாளர்களை நாடெங்கிலுமிருந்து மெம்பிஸுக்கு வரவழைத்து ஆர்டென்ட் தரப்பு ஒரு மாநாடே நடத்தியது. லெஸ்டர் பேங்ஸ் போன்ற பெரிய பெயர்கள் வந்த அந்தக் கூட்டத்துக்கு முன்னால் பிக் ஸ்டார் வாசித்தது. எழுதுகிறவர்களை எட்டிய பாட்டு, வாங்குகிறவர்களை எட்டவில்லை. விமர்சகர் கொண்டாடியதும் விற்பனை இல்லாததும் ஒரே கோளாறின் இரண்டு விளைவுகள். ஒன்றை மற்றதற்குக் காரணமாகக் காட்டுவது தவறு.

அடுத்தது, பாட்டு சின்னது, கனம் போதாது என்ற வாதம். இதற்குப் பதில் அலெக்ஸ் சில்டனின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. பிக் ஸ்டாருக்கு முன்பு, பதினாறு வயதில், பாக்ஸ் டாப்ஸ் என்ற குழுவுக்காக அவர் 'தி லெட்டர்' பாடினார். இரண்டு நிமிடம்கூட ஓடாத பாட்டு. 1967-இல் அமெரிக்கத் தரவரிசையில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. பாடியவரோ பாட்டின் நீளமோ குறையாக இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஆனாலும் இந்த வாதத்துக்குள் உண்மை ஒன்று ஒளிந்திருக்கிறது. ஐந்தாறு ஆண்டுகளில் மாறியது வானொலி. அறுபதுகளில் ஏ.எம். வானொலி சிங்கிள்களைச் சுழற்சியில் ஒலிபரப்பும். ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுப் பையன்கள் சில்லறையைக் கொடுத்து அந்தச் சிங்கிளை வாங்குவார்கள். எழுபதுகளில் பணம் ஆல்பத்துக்கு நகர்ந்தது. ஆல்பம் வாங்கும் கல்லூரி இளைஞர்கள் எஃப்.எம். கேட்டார்கள். அங்கே நீண்ட பாட்டுகளுக்கும் கிட்டார் வாசிப்புக்கும்தான் மரியாதை. சிங்கிளில் ஜெயித்தவனைச் சிறுபிள்ளைகளின் பாடகன் என்று எஃப்.எம். ஒதுக்கும்.

ஓஹையோவின் ராஸ்பெர்ரிஸ் குழு இதில் மாட்டியது. அவர்களுக்கு விநியோகப் பிரச்சினை கிடையாது. பின்னால் நின்றது கேபிடல் என்ற பெரிய நிறுவனம். 1972-இல் 'கோ ஆல் த வே' ஐந்தாம் இடம் வரை ஏறியது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் நால்வரும் ஒரே மாதிரி சூட் போட்டுக்கொண்டு நின்றார்கள். முதல் ஆல்பத்தின் மேலே சுரண்டினால் ராஸ்பெர்ரி வாசனை வரும் ஒட்டுப்படம் வேறு. எஃப்.எம். ரசிகர் அதைக் கையால் தொடுவாரா? சிங்கிள் விற்ற வேகத்தில் ஆல்பங்கள் விற்கவில்லை. சின்னப் பாட்டை மக்கள் வெறுக்கவில்லை; சின்னப் பாட்டு வாழ்ந்த சந்தை சுருங்கிவிட்டது. குழுவின் கழுத்தை உண்மையிலேயே நெரித்த காரணம் என்று இதைத்தான் நான் சொல்வேன்.

பழசைப் பிரதி எடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அதே பாட்டைக் கேட்டுப் பார்க்கலாம். 'கோ ஆல் த வே' தொடங்கும்போது கரகரவென்று தடித்த கிட்டார், டிரம்ஸ், பாடகர் எரிக் கார்மனின் கத்தல் எல்லாம் ஒன்றாக மோதுகின்றன. முரட்டு ராக் பாட்டு வரப்போகிறது என்று காது தயாராகிறது. சட்டென்று எல்லாம் தணிந்து, கொஞ்சும் குரலில் சரணம் வருகிறது. பின்னால் பீச் பாய்ஸ் பாணியில் குரல்கள் அடுக்கடுக்காக எழுகின்றன. சரணம் முடிந்ததும் மறுபடி அந்த முரட்டுக் கிட்டார். மூலப்பொருள்கள் பழையவைதான், சந்தேகமில்லை. ஆனால் முரட்டையும் குழைவையும் இப்படி ஒன்றின்மேல் ஒன்றை மோதவிட்டது அவர்களுடைய வேலை. பிக் ஸ்டாரின் 'செப்டம்பர் கேர்ள்ஸ்' இன்னும் தள்ளிப் போகிறது. கிட்டார் வெயில் பட்ட கண்ணாடிபோல மின்னுகிறது, ஸ்டீவன்ஸின் டிரம்ஸோ இடையிடையே உருண்டு தடுமாறி எழுகிறது. சந்தோஷமான மெட்டைச் சில்டன் வலியோடு பாடுகிறார். பீட்டில்ஸை அப்படியே பிரதியெடுத்தால் அந்தத் தடுமாற்றம் வராது.

அந்தப் பாட்டை 1986-இல் பேங்கிள்ஸ் என்ற பெண்கள் குழு தன் 'டிஃபரன்ட் லைட்' ஆல்பத்தில் பாடியது. ஆல்பம் பல லட்சம் விற்று இரண்டாம் இடத்துக்குப் போனது. அதைத் தூக்கி நிறுத்தியவை வேறு பாட்டுகள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இந்த மெட்டு வாங்கியவர்களை விரட்டிவிடவில்லை. வெளியிட்ட நிறுவனம் எது தெரியுமா? கொலம்பியா.

மெட்டும் வரிகளும் அப்படியே இருக்க, ஒரே குழு, ஒரே நிறுவனம் இருக்க, ஒரே பாட்டு முதலில் தோற்றுப் பின்னர் ஜெயித்ததும் நடந்திருக்கிறது. இல்லினாய்ஸைச் சேர்ந்த சீப் ட்ரிக் குழு 1977-இல் 'ஐ வாண்ட் யூ டு வாண்ட் மீ'யை ஸ்டூடியோவில் பதிவு செய்தது. பியானோவோடு, மெலிதாக, மேடை நாடகப் பாட்டுபோல இருந்த அந்தப் பதிவு அமெரிக்கத் தரவரிசையில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மறு ஆண்டு ஜப்பானில் அவர்கள் வாசித்ததைப் பதிவு செய்து 'அட் புடோகான்' என்று அங்கே மட்டும் வெளியிட்டார்கள். இறக்குமதிக் கடைகள் வழியாக அது அமெரிக்காவுக்குள் வந்து, வானொலிக்காரர்கள் அதை ஒலிபரப்பத் தொடங்கியபிறகுதான் நிறுவனம் 1979-இல் அங்கேயும் வெளியிட்டது. மேடையில் கிட்டார் தடித்திருந்தது; ஜப்பானிய ரசிகைகள் வரிக்கு வரி எதிர்க்குரல் கொடுத்துக் கூச்சலிட்டார்கள். பாட்டு ஏழாம் இடம் வரை போனது. பவர் பாப்பில் அந்த 'பவர்' குறைந்துபோன பதிவு தோற்றது, கூடிய பதிவு ஜெயித்தது. நேரடி ஆல்பம் என்பதால் எஃப்.எம். நிலையங்களும் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டன.

கடைசியாக, இது விமர்சகர்களின் இசை என்பது. இந்த வகையில் மிகப் பெரிய வெற்றி லாஸ் ஏஞ்சலஸின் தி நேக் குழுவின் 'மை ஷரோனா'. 1979-இல் ஆறு வாரம் முதலிடம். பில்போர்ட் கணக்கில் அந்த ஆண்டின் முதல் பாட்டே அதுதான். ஆல்பத்தை ஏறக்குறைய 18,000 டாலர் செலவில் இரண்டே வாரத்தில் முடித்துவிட்டார்கள். விமர்சகர்களோ அவர்களைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பீட்டில்ஸை நினைவூட்டும் அட்டை, பெண்களைப் பற்றிய கொச்சையான வரிகள், பேட்டி தர மறுத்த மிடுக்கு எல்லாம் சேர்ந்து எரிச்சலூட்டின. குழுவை ஒழிக்கச் சொல்லும் டி-ஷர்ட்டுகள்கூட அச்சாயின. வரிகளைப் பற்றிய கண்டனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆல்பத்தில் அந்தப் பாட்டு ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஓடுகிறது, நடுவே பெர்ட்டன் அவெரின் நீண்ட கிட்டார் வாசிப்போடு. ஏ.எம்.முக்கு வெட்டிய பதிப்பு, எஃப்.எம்.முக்கு முழுப் பதிப்பு என்று இரண்டு வாசலும் அதற்குத் திறந்தன.

அதன்பிறகு நிறுவனங்கள் ஒல்லி டை கட்டிய குழுக்களை வரிசையாகப் பிடித்துக் கையெழுத்து வாங்கின. அவற்றில் பெரும்பாலானவை எடுபடவில்லை. மக்கள் கேட்டுவிட்டு ஒதுக்கினார்கள் என்று யாராவது சொல்ல விரும்பினால் இந்த அலையைச் சொல்லலாம். நான் மறுக்க மாட்டேன். அதை வைத்து 1972-ஐத் தீர்ப்பிட முடியாது.

பெயர் சூட்டுவதிலும் ஒரு விஷயம் நடக்கிறது. 1967-லேயே தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தங்கள் இசையைப் பவர் பாப் என்று சொல்லியிருந்தார். அவர்களை இன்று பெரும்பாலும் அந்த அடுக்கில் வைப்பதில்லை. மாபெரும் ராக் குழு ஆகிவிட்டார்கள். 1978-இல் தி கார்ஸ் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. கச்சிதமான பாட்டுகள், பளபளக்கும் கிட்டார், பாட்டுக்குப் பாட்டு மறக்க முடியாத பல்லவி. அமெரிக்காவில் மட்டும் அறுபது லட்சம் விற்ற அந்த ஆல்பத்தைக் கடைகளில் நியூ வேவ் அடுக்கில் வைத்தார்கள். சீப் ட்ரிக் ஹார்ட் ராக் அடுக்குக்குப் போனது. பவர் பாப் அடுக்கில் பிக் ஸ்டார் தங்கியது. அந்த அடுக்கை மட்டும் பார்த்துவிட்டுத்தான் இந்த இசை விற்காது என்று இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.