கடைசல் இயந்திரத்தின் ஒரு மணித்தியாலம் என்ன தருகிறது?

காணியை விட்டு வந்த குடும்பங்கள் கைத்தொழில் பட்டறை ஒன்றைத் தொடங்கும்போது முதலில் எழும் கேள்வி "எதைச் செய்து விற்பது?" என்பதாகும். போரினால் இடம்பெயர்ந்தவர்களும், மாத்தளை மாவட்டத்தில் மொறகஹகந்த நீர்த்தேக்கத்துக்காகத் தம் வயல்களைக் கொடுத்துவிட்டு வேறிடம் சென்றவர்களும் இக்கேள்வியை எதிர்கொண்டவர்களே. பயிற்சி வகுப்புகளில் இதற்குப் பெரும்பாலும் ஒரே விடைதான் கூறப்படுகிறது: எந்தப் பொருளில் இலாபம் கூடுதலோ அதைச் செய்யுங்கள். இவ்விடை பாதி உண்மை மாத்திரமே என்றும், சில வாரங்களில் அது வாடகைப் பணத்தையே விழுங்கிவிடும் என்றும் நாம் கருதுகிறோம். ஏனென்று கணக்கோடு கூற விரும்புகிறோம்.

விவசாயிக்கு இது புதிய பாடமல்ல. சிறுபோகத்தில் குளத்தில் பாதித் தண்ணீரே இருக்கும்போது, நிலம் இருக்கிறதே என்று முழு வயலிலும் எவரும் நெல் விதைப்பதில்லை. கூட்டம் கூடி, குளத்துக்குக் கிட்டிய பகுதியை மாத்திரம் எல்லோருக்கும் பங்கிட்டுச் செய்கின்றனர். இதனைச் சிங்களத்தில் பெத்ம என்பர். சிலர் நெல்லை விட்டுப் பயறு போடுவர். ஏக்கருக்கு வருமானம் பார்த்தால் நெல் மேலாக இருக்கலாம். ஆனால் அன்று அருமையானது ஏக்கர் அல்ல, தண்ணீர். ஆகவே ஓர் அங்குலத் தண்ணீர் எதைத் தருகிறது என்றே பார்க்கிறோம். பட்டறையிலும் எது அருமையோ அதன் ஓர் அலகு எவ்வளவு தருகிறது என்றே பார்க்க வேண்டும். கணக்கியலில் அந்த அருமையான பொருளை மட்டுப்படுத்தும் காரணி என்பார்கள்.

பல்லேபொலப் பகுதியில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு மரக் கடைசல் பட்டறையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தொகைகள் விளக்கத்துக்காக நாம் வைத்தவை. வாசகர்கள் தத்தம் தொகைகளை இட்டுப் பார்க்கலாம். பட்டறையில் ஒரேயொரு கடைசல் இயந்திரம் உண்டு. வாரத்தில் அது 30 மணித்தியாலம் ஓடும். செய்யப்படும் பொருட்கள் மூன்று: கடைந்த கால்களுடைய கதிரை, கட்டில்கால் தொகுதி, ரொட்டி உருட்டும் கட்டை.

ஒரு கதிரை 9,000 ரூபாவுக்கு விற்கும். மரம், ஆணி, வார்னிஷ் ஆகியவற்றுக்கு 5,200 ரூபா, பூட்டி மெருகிடுபவருக்கு 800 ரூபா. மிகுதி 3,000 ரூபா. இந்த மிகுதியையே பங்களிப்பு என்கிறோம். வாடகை, கடன் தவணை போன்ற நிலையான செலவுகளைத் தாங்க ஒவ்வொரு பொருளும் கொண்டுவந்து வைக்கும் பணம் அது. கட்டில்கால் தொகுதி 4,800 ரூபாவுக்கு விற்கும். பொருட்செலவு 2,200, கைக்கூலி 200, பங்களிப்பு 2,400. உருட்டுக்கட்டை 600 ரூபாவுக்கு விற்கும். மரமும் அரத்தாளும் பஸ் செலவும் 250, பங்களிப்பு 350 ரூபா மாத்திரம்.

இப்படிப் பார்த்தால் கதிரைதான் முதலிடம். உருட்டுக்கட்டையைச் சில்லறை வேலை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் கடைசல் இயந்திரத்தின் முன்னே நின்று மணிக்கூட்டைப் பாருங்கள். கதிரைக்கு 3 மணித்தியாலம், கட்டில்கால் தொகுதிக்கு 2 மணித்தியாலம், உருட்டுக்கட்டைக்குக் கால் மணித்தியாலம் செல்கிறது. பங்களிப்பை நேரத்தால் வகுத்தால், இயந்திரத்தின் ஒரு மணித்தியாலம் கதிரையில் 1,000 ரூபாவும், கட்டில்காலில் 1,200 ரூபாவும், உருட்டுக்கட்டையில் 1,400 ரூபாவும் தருகிறது. வரிசை தலைகீழாகிவிட்டது.

அப்படியானால் உருட்டுக்கட்டையை மட்டும் கடைந்துகொண்டிருப்பதா? இல்லை. சந்தை எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான். வாரத்துக்கு 40 உருட்டுக்கட்டை, 4 கட்டில்கால் தொகுதி, 8 கதிரை விற்கலாம் என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து நிரப்பி வருவோம். 40 கட்டைக்கு 10 மணித்தியாலம், பங்களிப்பு 14,000 ரூபா. 4 தொகுதிக்கு 8 மணித்தியாலம், 9,600 ரூபா. மீதி 12 மணித்தியாலத்தில் 4 கதிரை, 12,000 ரூபா. மொத்தம் 35,600 ரூபா. மாறாகக் கதிரையை முதலில் எடுத்தால், 8 கதிரைக்கு 24 மணித்தியாலம் போய் 24,000 ரூபா வரும். மீதி 6 மணித்தியாலத்தில் 3 தொகுதி, 7,200 ரூபா. மொத்தம் 31,200 ரூபா. வாடகையும் தவணையும் வாரத்துக்கு 18,000 ரூபா என்றால், முதல் வழியில் 17,600 ரூபாவும் இரண்டாவது வழியில் 13,200 ரூபாவும் மிஞ்சும்.

மின்சாரம் தடைப்படும் காலத்தில் இவ்வேறுபாடு உயிர்நாடியாகிவிடும். 2022 மார்ச் மாத இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய வாரத்தில் இயந்திரம் 15 மணித்தியாலமே ஓடியது என்று வைப்போம். கதிரை மட்டும் செய்தால் 5 கதிரை, 15,000 ரூபா. வாடகைக்கும் தவணைக்கும் 3,000 ரூபா குறைகிறது. 40 உருட்டுக்கட்டையும் 2 கட்டில்கால் தொகுதியும் செய்தால் 14 மணித்தியாலத்தில் 18,800 ரூபா. தவணை தப்பிவிடும்.

இங்கே இரண்டு பொறிகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வாடகையைப் பொருட்களின் தலையில் பங்கிடுவது. மேற்படி முதல் திட்டத்தில் எல்லாமாக 48 பொருட்கள். 18,000 ரூபாவை எண்ணிக்கைப்படி பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 375 ரூபா. உடனே உருட்டுக்கட்டை 25 ரூபா நட்டம் என்று ஏட்டில் தெரியும். அதை நிறுத்துங்கள் என்று யாரேனும் ஆலோசனை கூறுவர். நிறுத்தினால் வாடகை குறையுமா? ஒரு சதமும் குறையாது. 14,000 ரூபா தரும் வேலையே போய்விடும். எதைச் செய்தாலும் மாறாத செலவை, எதைச் செய்வது என்ற தீர்மானத்துக்குள் கொண்டுவரக் கூடாது.

இரண்டாவது பொறி, மேலதிகக் கட்டளை. ஒரு கடைக்காரர் முற்பணத்துடன் வந்து, அதே 9,000 ரூபாவுக்கு இந்த வாரம் இன்னும் இரண்டு கதிரை கேட்கிறார். கதிரையொன்றில் 3,000 ரூபா வருகிறதே என்று ஒப்புக்கொள்ள மனம் வரும். ஆனால் அதற்குரிய 6 மணித்தியாலத்தைக் கட்டில்காலிலிருந்துதான் எடுக்க வேண்டும். அங்கே 7,200 ரூபா போகிறது, இங்கே 6,000 ரூபா வருகிறது. ஆகவே அந்தக் கதிரைக்குக் கேட்க வேண்டிய ஆகக் குறைந்த விலை, செலவு 6,000 ரூபாவும் இழக்கும் 3,600 ரூபாவும் சேர்ந்த 9,600 ரூபாவாகும்.

எது மட்டுப்படுத்தும் காரணி என்பதை எப்படி அறிவது? பட்டறையின் தரையைப் பார்த்தாலே போதும். கடையாத மரம் இயந்திரத்தின் முன் குவிந்து கிடக்க, மெருகிடுபவர் வேலையின்றி இருந்தால் இயந்திரமே முட்டுக்கட்டை. கடைந்த கால்கள் குவிந்து கிடக்க இயந்திரம் ஓய்ந்திருந்தால் முட்டுக்கட்டை கைவேலையில் இருக்கிறது. அப்போது வகுக்க வேண்டியது கைவேலை நேரத்தால். மாத்தளை மாவட்டத்து ஹப்புவிடக் கிராமத்தின் அரக்கு வேலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடைசலில் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியைப் பிடித்து, உராயும் சூட்டினால் நிறமூட்டுவது ஒரு முறை. அரக்கைத் தணலில் இளக்கி நூலாக இழுத்து, பெருவிரல் நகத்தால் கோலமாகப் பதிப்பது மற்றொரு முறை. முன்னதில் இயந்திர நேரம் அருமை, பின்னதில் பழகிய விரல்தான் அருமை. இரண்டுக்கும் ஒரே கணக்கைப் போட்டால் தவறிவிடும்.

இயந்திரமும் மரமும் ஒரே வேளையில் போதாமற் போனால் இவ்வெளிய வகுத்தல் போதாது. ஒன்றின்படி ஒரு வரிசை வரும், மற்றதன்படி வேறொரு வரிசை வரும். லெனின்கிராட்டில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காரர்கள் பல இயந்திரங்களுக்கு மரத்தை எப்படிப் பங்கிடுவது என்று கேட்டபோது, லியோனிட் கன்டரோவிச் என்ற கணித அறிஞர் அதற்கு வழி கண்டு 1939 இல் வெளியிட்டார். 1975 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. எமது சிறு பட்டறைகளில் அந்நிலை வந்தால், சில கலவைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய மரத்தையும் நேரத்தையும் மொத்தப் பங்களிப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இறுதியாக, ஏட்டில் தெரியாத ஒரு விடயம். கதிரையைக் குறைத்தால் பட்டறைக்கு வாரம் 4,400 ரூபா கூடுகிறது என்றோம். ஆனால் மெருகிடுபவரின் கூலி என்ன ஆகிறது? கதிரையை முதலில் வைத்தபோது அவருக்கு 7,000 ரூபா கிடைத்தது. புதிய திட்டத்தில் 4,000 ரூபாதான். அவர் அந்த நான்கு குடும்பங்களுள் ஒருவராக இருந்தால், 3,000 ரூபா ஒரு வீட்டிலிருந்து எடுத்து மற்ற வீடுகளுக்குக் கொடுக்கப்பட்டதாகவே முடியும். உண்மையில் கூடியது 1,400 ரூபா மாத்திரமே. அவரது கூலியைச் செலவாகக் கழிக்காமல் குடும்ப வருமானமாகவே எண்ணினால் மணித்தியாலத்துக்குக் கதிரை ஏறத்தாழ 1,267 ரூபாவும், கட்டில்கால் 1,300 ரூபாவும், உருட்டுக்கட்டை 1,400 ரூபாவும் தரும். இவ்வுதாரணத்தில் வரிசை மாறவில்லை, ஆனால் இடைவெளி மிகவும் ஒடுங்கிவிட்டது. கதிரையின் பொருட்செலவு சற்றுக் குறைவாக இருந்திருந்தால் வரிசையே மாறியிருக்கும்.

ஆகவே எமது கருத்து இதுதான். கூட்டுப் பட்டறைகள் பொருளைத் தெரியுமுன் அருமையான காரணியைக் கண்டு, அதன் ஓர் அலகுக்கான பங்களிப்பைக் கணிக்க வேண்டும். உறுப்பினர் ஒருவர் பெறும் கூலியை வெளிச் செலவாகக் கழிக்கக் கூடாது. பொருட்கலவை மாறுவதால் ஒருவரின் வேலை குறையுமானால், மிஞ்சும் 17,600 ரூபாவைப் பங்கிடும் முன் அவருடைய 3,000 ரூபாவை ஈடு செய்ய வேண்டும். அதன் பின்னும் 14,600 ரூபா இருக்கிறது, அது பழைய 13,200 ரூபாவிலும் கூடியதே. குளத்துத் தண்ணீரைப் பங்கிட்டபோது கடைமடைக்காரரையும் கூட்டத்துக்கு அழைத்துத்தான் தீர்மானித்தோம். பட்டறையின் மணித்தியாலங்களையும் அவ்வாறே, மெருகிடுபவரையும் அருகில் இருத்திக்கொண்டே பங்கிட வேண்டும்.